படிகத் தளங்களின் இடைவெளி: ஒரு கோணமும் இரண்டு நீளங்களும்

படிகத்தின் மீது எக்ஸ் கதிர் விழும்போது சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் வலுவான கற்றைகள் வெளிப்படுவதும், அத்திசைகளை அளந்து படிகத்தினுள் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள தளங்களுக்கு இடையிலான தொலைவைக் கணக்கிட முடிவதும் இன்று பாடநூல்களிலேயே இடம்பெற்றுவிட்ட செய்திகள். அவற்றின் சுருக்கமாக நிற்பது 2d sin θ = nλ என்னும் பிராக் விதி. இதில் d என்பது அடுத்தடுத்த இரு தளங்களுக்கு இடையிலான தொலைவு. λ என்பது கதிரின் அலைநீளம். θ என்பது கதிர் தளத்தோடு செய்யும் கோணம். n என்பது 1, 2, 3 என வரும் முழு எண். ஆனால் இவ்விதியை உற்று நோக்குவோருக்கு ஒரு குறை கண்ணில் படும். அளக்கக்கூடியது கோணம் ஒன்றே. அறியவேண்டியவையோ இரண்டு நீளங்கள். கோணத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் கிடைப்பது λ, d ஆகிய இரண்டின் விகிதம் மட்டுமே. அலைநீளம் தெரிந்தால் இடைவெளியைக் காணலாம், இடைவெளி தெரிந்தால் அலைநீளத்தைக் காணலாம். இரண்டும் தெரியாத நிலையில் முதல் நீளம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி எஞ்சுகிறது. அக்கேள்விக்குக் கிடைத்த விடையும், அவ்விடை சிறிதளவு தவறாக இருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் திருத்தப்பட்ட விதமும், விதியின் பொருளையே தெளிவுபடுத்துவன.

1912ஆம் ஆண்டு மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் லாவேயின் கருத்துப்படி வால்ட்டர் ஃபிரீடரிஹ், பால் கினிப்பிங் என்னும் இருவர், மயில்துத்தம் எனப்படும் செப்பு சல்பேட்டுப் படிகத்தின் ஊடாக எக்ஸ் கதிரைச் செலுத்தி, பின்னால் வைத்த ஒளிப்படத் தட்டில் புள்ளிகள் சில பதிவதைக் கண்டனர். அடுத்து, சீரான வடிவுடைய துத்தநாக சல்பைடுப் படிகத்தைப் பயன்படுத்தியபோது புள்ளிகள் ஒழுங்கான கோலமாக அமைந்தன. படிகம் முப்பரிமாணக் கீற்றணியாகச் செயல்படுகிறது என லாவே விளக்கினார். கீற்றணி என்பது ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரிப்பதற்காக நெருக்கமான கோடுகள் வரையப்பட்ட தட்டு. மூன்று திசைகளுக்கு மூன்று சமன்பாடுகளை அவர் எழுதினார். அவை மூன்றும் ஒருங்கே நிறைவேறும் திசையில்தான் புள்ளி தோன்றும். ஆனால் அச்சமன்பாடுகள் முன்னறிவித்த புள்ளிகளிற் சில தட்டில் காணப்படவில்லை. கதிரில் ஒருசில அலைநீளங்கள் மட்டுமே இருப்பதாக லாவே கொண்டதனால் இந்தச் சிக்கல் எழுந்தது.

கேம்பிரிட்ஜில் அப்போது இருபத்திரண்டு வயது ஆய்வு மாணவராக இருந்த லாரன்ஸ் பிராக், அதே ஒளிப்படங்களை வேறொரு கோணத்தில் நோக்கினார். படிகத்துக்கும் தட்டுக்கும் உள்ள தொலைவைக் கூட்டும்போது புள்ளிகள் வட்ட வடிவை இழந்து ஒரு பக்கம் தட்டையாகி நீள்வட்டமாவதை அவர் கவனித்தார். சற்றே விரிந்து செல்லும் கற்றையைக் கண்ணாடி அடுக்கு ஒன்று எதிரொளித்தால்தான் அவ்வாறு நிகழும். ஆகவே கதிரில் எல்லா அலைநீளங்களும் கலந்தே உள்ளன என்றும், படிகத்தின் ஒவ்வொரு தளத் தொகுதியும் தனக்கு ஏற்ற அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து எதிரொளிக்கிறது என்றும் அவர் கொண்டார். துத்தநாக சல்பைடின் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளில் மட்டுமன்றி முகங்களின் மையங்களிலும் அமைந்துள்ளன எனக் கொண்டவுடன், வராத புள்ளிகளின் புதிரும் அவிழ்ந்தது. 1912 நவம்பரில் இக்கருத்து கேம்பிரிட்ஜ் மெய்யியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது. எதிரொளிப்பு உண்மையானால் எளிதில் தகடு தகடாகப் பிளவுபடும் படிகங்களின் பரப்பில் அது தெளிவாகத் தெரியவேண்டும் என்று சி.டி.ஆர். வில்சன் கூற, மைக்காத் தகட்டின் மீது கதிரைச் சாய்வாக விழச்செய்து பிராக் அதனையும் சில வாரங்களில் மெய்ப்பித்தார்.

விதியின் உட்பொருளை இரண்டு படிகளாகப் பிரித்துக் காண்பது நல்லது. பாடநூல்கள் பெரும்பாலும் இரண்டாம் படியை மட்டும் சொல்லி முதற்படியைக் கண்ணாடியின் இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. ஒரே தளத்தில் பரவியுள்ள அணுக்களின் மீது அலை விழும்போது ஒவ்வோர் அணுவிலும் உள்ள எலெக்ட்ரான்கள் அதிர்ந்து, அலையை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. விழும் கோணமும் வெளியேறும் கோணமும் சமமாக உள்ள திசையில் மட்டும், அத்தளத்தின் எந்த அணுவைத் தொட்டுச் சென்றாலும் அலை கடக்கும் மொத்தத் தொலைவு ஒன்றாகவே இருக்கும். அணுக்கள் தளத்திற்குள் எவ்வாறு சிதறிக்கிடந்தாலும் அத்திசையில் அவற்றின் அலைகள் முகட்டோடு முகடு சேர்ந்து நடக்கும். எதிரொளிப்பு என்னும் சொல்லுக்கு இங்கு இருக்கும் பொருள் இவ்வளவே. படிகத்தின் வெளிப்பரப்பு பளபளப்பாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. உடைந்த உப்புக்கல்லின் உள்ளே பரப்புக்குச் சாய்வாக ஓடும் தளமும் இதேபோல எதிரொளிக்கும்.

இரண்டாம் படியில் அடுத்தடுத்த தளங்கள் சேர்கின்றன. கீழுள்ள தளத்தைத் தொட்டு மீளும் அலை, மேல்தளத்தில் திரும்பிய அலையைக் காட்டிலும் கூடுதலாகச் சிறிது தொலைவு செல்கிறது. இறங்கும்போது d sin θ, ஏறும்போது d sin θ என அந்தப் பாதை வேறுபாடு 2d sin θ ஆகும். அது அலைநீளத்தின் முழு மடங்காக இருந்தால் எல்லாத் தளங்களின் அலைகளும் ஒத்துச் சேர்ந்து வலுவான கற்றை உருவாகும். கோணம் தளத்திலிருந்து அளக்கப்படுவதை நினைவிற் கொள்ளவேண்டும். ஒளியியலில் வழக்கமாகத் தளத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து கோணத்தை அளந்து பழகியவர்கள் இவ்விடத்தில் சைனுக்குப் பதில் கொசைனை எழுதிவிடுவதுண்டு. மேலும், sin θ ஒன்றை மீற முடியாதாகையால் அலைநீளம் 2d-ஐ விடப் பெரிதாக இருந்தால் விதி ஒருபோதும் நிறைவேறாது. தள இடைவெளிகள் சில ஆங்ஸ்ட்ராம் அளவின. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்கிட்டதில் ஒரு பங்கு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 5000 ஆங்ஸ்ட்ராம். உப்புப் படிகத்தின் தளங்களை ஒளியால் பிரித்தறிய முடியாமைக்குக் காரணம் இதுவே.

ஆனால் பாதை வேறுபாடு முழு மடங்கிலிருந்து சற்றே விலகினால் கற்றை சற்றே மங்கும் என்றுதானே எதிர்பார்க்கவேண்டும்? இரண்டே தளங்கள் இருந்தால் அப்படித்தான் நிகழும். உண்மையான படிகத்தில் ஒரு தளம் தன்மீது விழும் அலையில் மிகமிகச் சிறிய பங்கையே திருப்பி அனுப்புவதால், கதிர் ஆயிரக்கணக்கான தளங்களை ஊடுருவிச் செல்கிறது. பாதை வேறுபாடு ஒரு முழு அலைநீளமாக இராமல் 1.01 அலைநீளமாக இருப்பதாகக் கொள்வோம். முதல் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் இடையே நூற்றில் ஒரு பங்குப் பிறழ்வே உள்ளது. ஆனால் முதல் தளத்துக்கும் ஐம்பத்தோராம் தளத்துக்கும் இடையே வேறுபாடு 50.5 அலைநீளமாகிவிடும். ஒன்றின் முகடு மற்றொன்றின் அகட்டோடு மோத, இரண்டும் அழியும். இரண்டாம் தளத்தை ஐம்பத்திரண்டாம் தளம் அழிக்கும். மூன்றாவதை ஐம்பத்து மூன்றாவது அழிக்கும். இவ்வாறு இணை இணையாக எல்லாம் அழிந்துபோவதால் கோணம் சிறிதளவு பிசகினாலும் கற்றை மறைந்துவிடுகிறது. தளங்களின் எண்ணிக்கை குறைந்தால் அழிப்பதற்கு இணை கிடைக்காமல் கற்றை அகலும்: நூறு ஆங்ஸ்ட்ராம் தடிப்புள்ள உப்புத் துகளில் முப்பத்தைந்து தளங்களே இருக்கும், தாமிரக் குழாயின் கதிரில் அதன் வலுவான கற்றை ஏறத்தாழ 0.8 பாகை அகலத்துக்குப் பரவும். இந்த அகலத்தைக் கொண்டு துகளின் அளவை மதிப்பிடும் வாய்பாட்டை 1918இல் பால் ஷெரர் அளித்தார்.

விதி நிறைவேறுவதனால் மட்டும் கற்றை வலுவானதாகிவிடாது என்பதை அடுத்துக் கருதவேண்டும். விதி திசையைச் சொல்கிறது. வலிமையைச் சொல்வது தளங்களில் இருக்கும் அணுக்களும் அவற்றின் இருப்பிடமும். இதற்கு உப்பினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. சோடியம் குளோரைடில் சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகையின் கறுப்பும் வெளுப்பும் போல மூன்று திசைகளிலும் மாறிமாறி அமைகின்றன. அந்த ஒழுங்கு முழுமையாகத் திரும்ப வரும் மிகச் சிறிய கனசதுரம் அலகுக்கூடு எனப்படும். அதன் பக்கத்தை a என்பர். தளங்களின் சாய்வைக் குறிக்க மூன்று எண்களைக் கொண்ட மில்லர் குறியீடு பயன்படுகிறது. கனசதுரக் கூட்டில் (hkl) தளங்களின் இடைவெளி, a-ஐ h² + k² + l² என்பதன் வர்க்கமூலத்தால் வகுக்க வருவது. கூட்டின் முகத்துக்கு இணையாகவும் a/2 இடைவெளியுடனும் அமைந்த தளங்கள் (200) எனப்படும். அவை ஒவ்வொன்றிலும் சோடியமும் குளோரினும் சம எண்ணிக்கையில் உள்ளமையால் எல்லாத் தளங்களும் ஒரே வகையின. எனவே கற்றை மிக வலுவாக வருகிறது. கூட்டின் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான (111) தளங்களின் நிலைமை வேறு. அங்கே ஒரு தளம் முழுதும் சோடியம், அடுத்தது முழுதும் குளோரின். சோடியத் தளத்திலிருந்து அடுத்த சோடியத் தளம் வரை பாதை வேறுபாடு ஓர் அலைநீளமாக இருக்கும் கோணத்தில், நடுவே நிற்கும் குளோரின் தளம் அரை அலைநீளம் பிந்துகிறது. அதனால் அது சோடியத்தின் அலையை எதிர்க்கிறது. சோடியம் அயனியில் 10 எலெக்ட்ரான்கள், குளோரைடு அயனியில் 18. எஞ்சுவது எட்டின் விளைவு மட்டுமே. எனவே (111) கற்றை தோன்றினாலும் மெலிந்தே தோன்றுகிறது. அதே தளங்களின் இரண்டாம் வரிசையில், அதாவது n = 2 ஆகும் கோணத்தில், இரண்டும் ஒத்துழைப்பதால் கற்றை மீண்டும் ஓங்குகிறது. இரண்டாம் வரிசையைத் தனியே n கொண்டு எழுதாமல், பாதி இடைவெளியுள்ள (222) தளங்களின் முதல் வரிசையாக எழுதுவது இன்றைய வழக்கம். விதிக்கு இரண்டும் ஒன்றே.

பொட்டாசியம் குளோரைடு இதே கட்டமைப்பைக் கொண்டது. ஆனால் பொட்டாசியம் அயனியிலும் 18 எலெக்ட்ரான்களே உள்ளமையால் (111) கற்றை ஏறத்தாழ முற்றிலும் அழிந்துபோகிறது. எக்ஸ் கதிரின் பார்வையில் இரண்டு அயனிகளும் வேறுபாடின்றித் தோன்ற, படிகம் பாதியளவு பக்கமுள்ள எளிய கனசதுரமாகவே காட்சியளிக்கிறது. 1913இல் லாரன்ஸ் பிராக் இவ்விரு உப்புகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டதே கட்டமைப்பைக் கண்டறியும் திறவுகோலாயிற்று. எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை அப்போது தெளிவாகத் தெரிந்திராததால் அவர் அணு எடைகளைக் கொண்டே வாதிட்டார் எனினும் முடிவு பிழைபடவில்லை.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய தந்தை வில்லியம் ஹென்றி பிராக், தட்டுக்குப் பதிலாக அயனியாக்க அறையைப் பொருத்திய நிறமாலைமானி ஒன்றை அமைத்திருந்தார். படிகத்தை θ கோணமும், வாயு நிரப்பிய அந்த அறையை 2θ கோணமும் திருப்பி, எதிரொளித்த கதிர் வாயுவில் உண்டாக்கும் மின்னோட்டத்தை அவர் அளந்தார். பிளாட்டினம் இலக்குள்ள குழாயின் கதிரில் பரவலான பின்னணிக்கு மேல் கூர்மையான முகடுகள் எழுந்தன. பாறை உப்பின் பிளவுத் தளத்தில் ஒரே முகடு மூன்று கோணங்களில் தோன்றியது. அக்கோணங்களின் சைன்கள் 1 : 2 : 3 என்னும் விகிதத்தில் நின்றன. விதியின் n இவ்வாறு கருவியில் கண்கூடாயிற்று. ஆயினும் அம்முகட்டின் அலைநீளம் எவ்வளவு என்பதைக் கருவி சொல்லவில்லை.

முதல் நீளத்தை அளித்தது தராசு. உப்பின் கட்டமைப்பு தெரிந்துவிட்டதால் ஒரு சிறு கனசதுரத்தில் எத்தனை அணு அடங்கும் என்பதை எண்ணிவிடலாம். (200) தளங்களின் இடைவெளியையே பக்கமாகக் கொண்ட கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஒவ்வோர் அணு இருக்கிறது. நான்கு சோடியம், நான்கு குளோரின். ஒவ்வொரு மூலையையும் எட்டுக் கனசதுரங்கள் பகிர்ந்துகொள்வதால் ஒரு கனசதுரத்தின் பங்கு அரைச் சோடியம், அரைக் குளோரின்; அதாவது சோடியம் குளோரைடின் ஓர் இணையில் பாதி. ஒரு மோல் உப்பின் நிறை 58.45 கிராம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.163 கிராம், ஒரு மோலில் உள்ள இணைகளின் எண்ணிக்கையாகிய அவகாட்ரோ எண் 6.06 × 10²³ என்னும் அக்கால மதிப்புகளைக் கொண்டால், ஓர் இணைக்குரிய கனஅளவு 44.59 கன ஆங்ஸ்ட்ராம். அதன் பாதி 22.30, அதன் கனமூலம் 2.814 ஆங்ஸ்ட்ராம். கட்டமைப்பை அறிய கற்றைகளின் வலிமை உதவியது, கட்டமைப்பு அறிந்த பின்னரே அடர்த்தி உதவியது என்னும் வரிசை இங்கு முக்கியமானது. கனசதுரத்தில் எத்தனை அணு என்பது தெரியாவிடில் அடர்த்தி வெறும் எண்ணே.

இந்த 2.814 என்னும் எண்ணிலிருந்து எக்ஸ் கதிர்களின் அலைநீளங்கள் பிறந்தன. அவ்வலைநீளங்களிலிருந்து மற்றப் படிகங்களின் இடைவெளிகள் பிறந்தன. ஸ்வீடனில் மன்னே சீக்பானும் அவருடைய மாணவர்களும் கோணங்களை மிக நுட்பமாக அளந்து, பின்னர் உப்பைக் காட்டிலும் குறையற்ற படிகமாகக் கிடைக்கும் கால்சைட்டுக்கு அளவுகோலை மாற்றினர். அடித்தளத்தில் இருப்பது அவகாட்ரோ எண்ணின் அக்கால மதிப்பு என்பதை அவர்கள் அறிந்திருந்தமையால், ஆங்ஸ்ட்ராம் என நேரடியாகச் சொல்லாமல் எக்ஸ் அலகு என்னும் தனிப்பெயரைக் கையாண்டனர். ஆயிரம் எக்ஸ் அலகு ஏறத்தாழ ஓர் ஆங்ஸ்ட்ராம். எச்சரிக்கையோடு வைத்த அப்பெயரின் பயன் பின்னால் தெரிந்தது.

அக்கதைக்குச் செல்லுமுன், இன்றைய ஆய்வகத்தில் இடைவெளியைக் காணும் முறையை ஓர் அளவீட்டின் வழியே காணலாம். ஒற்றைப் படிகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதற்கு மாறாக உப்பை நுண்ணிய தூளாக அரைத்துத் தட்டையான குழியில் நிரப்பினால், இலட்சக்கணக்கான துகள்களுள் ஏதேனும் சில எப்போதும் சரியான சாய்வில் இருக்கும். தாமிர இலக்குள்ள குழாயின் கே-ஆல்ஃபா கதிரைச் செலுத்தி, உணர்கருவியை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் 2θ கோணம் 27.37, 31.70, 45.45 பாகைகளில் முதல் மூன்று முகடுகள் எழுகின்றன. நடுவிலுள்ளதே மிக உயரமானது. அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். கருவி காட்டுவது 2θ ஆகையால் பாதியாக்கிய பின்னரே சைனைக் காணவேண்டும். 15.85 பாகையின் சைன் 0.2731; ஆகவே d = 1.5406 ÷ 0.5462, அதாவது 2.820 ஆங்ஸ்ட்ராம். இவ்வாறே மற்றவற்றுக்கு 3.256, 1.994 எனக் கிடைக்கும்.

இவை எத்தளங்களுக்குரியன என்பதைச் சைன்களின் வர்க்கங்கள் காட்டிக்கொடுக்கின்றன. கனசதுரப் படிகத்தில் sin² θ, h² + k² + l² என்பதற்கு நேர்விகிதத்தில் இருக்கவேண்டும். மூன்று மதிப்புகளும் 0.0560, 0.0746, 0.1492, இவை 3 : 4 : 8 என்னும் விகிதத்தில் அமைகின்றன. எனவே அவை (111), (200), (220). முகப்பு மையக் கனசதுரத்தின் அடையாளமே இவ்வரிசை. ஒவ்வோர் இடைவெளியிலிருந்தும் a-ஐத் தனித்தனியே கணக்கிட்டால் மூன்றும் 5.64 ஆங்ஸ்ட்ராமில் வந்து கூடும். கணக்கு சரியா என்பதற்கு முதற்சான்று இந்த உடன்பாடே. ஒரே முகட்டைக் கொண்டு இடைவெளியைச் சொல்லிவிட்டு நிறுத்துபவர் தம் பிழையைத் தாமே காணும் வாய்ப்பை இழக்கிறார்.

பிழைகளுள் மிகப் பரவலானது தூளின் மேற்பரப்பு இருக்கவேண்டிய மட்டத்தில் இராமை. குழியில் தூளைச் சற்றே ஆழமாக நிரப்பியதால் பரப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்துவிட்டதாகவும், தூளுக்கும் உணர்கருவிக்கும் உள்ள தொலைவு 200 மில்லிமீட்டர் எனவும் கொள்வோம். முகடுகள் எல்லாம் சிறுகோணத்தை நோக்கி நகரும், 31.70 பாகையில் இருந்த முகடு 31.65-க்கு அருகில் விழும். இச்சிறு நகர்வை வரைபடத்தில் கண்ணால் காண்பது அரிது. ஆனால் a-இன் மதிப்புகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: (111)-இலிருந்து 5.6515, (220)-இலிருந்து 5.6464, 84 பாகையில் தோன்றும் (422)-இலிருந்து 5.6425. கோணம் ஏற ஏற மதிப்பு இறங்கிவருகிறது. தற்செயலான பிழை இப்படி ஒரே பக்கமாக நகராது. கோணப் பிழை இடைவெளியில் உண்டாக்கும் விளைவு cot θ-ஐச் சார்ந்திருப்பதாலும், θ 90 பாகையை நெருங்கும்போது cot θ சுழியை நெருங்குவதாலும், பெருங்கோண முகடுகளையே நம்பவேண்டும். அல்லது மதிப்புகளைக் கோடாக வரைந்து 90 பாகை வரை நீட்டி, அங்கே கோடு எங்கு முடிகிறது எனக் காணவேண்டும். இடைவெளி நன்கு தெரிந்த சிலிக்கான் தூளை உப்போடு கலந்துவிட்டால் இரண்டும் ஒரே மட்டத்தில் தாழ்ந்திருக்குமாதலால், சிலிக்கானின் நகர்வைக் கொண்டு உப்பின் நகர்வைத் திருத்திக்கொள்ளலாம்.

அலைநீளமும் தன் பங்குக்குத் தொல்லை தருவதுண்டு. கே-ஆல்ஃபா என்பது உண்மையில் 1.5406, 1.5444 என்னும் இரண்டு அலைநீளங்களின் சேர்க்கை. வலிமையில் முன்னது பின்னதைப் போல இருமடங்கு. சிறுகோணங்களில் இரண்டும் ஒரே முகடாக ஒன்றிவிடுவதால் அங்கே எடையிட்ட சராசரியாகிய 1.5418-ஐயும், 84 பாகை போன்ற இடங்களில் கால் பாகை விலகி இரட்டை முகடாகத் தெரியும்போது 1.5406-ஐயும் பயன்படுத்துவது முறை. இவற்றுக்கு அப்பால் கே-பீட்டா என்னும் 1.3922 ஆங்ஸ்ட்ராம் கதிர் ஒன்று உண்டு. அதை உறிஞ்சும் மெல்லிய நிக்கல் தகடு வைக்கப்படாவிடில், உப்பில் 28.6 பாகையில் சிறு முகடு ஒன்று முளைக்கும்; அறியாதவர் அதனை வேறொரு பொருளின் கலப்பு என்றெண்ணித் தேடத் தொடங்குவர். அதன் சைனுக்கும் மிக உயரமான முகட்டின் சைனுக்கும் உள்ள விகிதம் 1.3922-க்கும் 1.5406-க்கும் உள்ள விகிதமே என்று கண்டால் போலி முகடு தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும். வெப்பநிலையும் மறக்கத்தக்கதன்று, உப்பு வெப்பத்தால் நன்கு விரியும் பொருளாகையால் அறை பத்துப் பாகை சூடானாலே a-இன் மூன்றாம் பதின்ம இடம் மாறிவிடும்.

இத்தகைய கவனங்கள் அனைத்தும் விகிதத்தைத் துல்லியமாக்குவன. முதல் நீளத்தின் பிழையை அவற்றுள் எதுவும் தொடுவதில்லை. மேலே தாமிரக் கதிரால் கிடைத்த 2.820-ஐயும் அடர்த்தியிலிருந்து 1910களில் கிடைத்த 2.814-ஐயும் அருகருகே வைத்தால், ஆயிரத்தில் இரண்டு பங்கு வேறுபாடு தெரியும். கோணங்களை இலட்சத்தில் ஒரு பங்கு வரை அளந்துவந்த காலத்தில் இது பெரும் வேறுபாடு. இதனை வெளிக்கொணர்ந்தது மீண்டும் கீற்றணியே. 1925இல் சிகாகோவில் ஆர்தர் காம்ப்டனும் ஆர்.எல். டோனும், உலோகத்தில் கோடுகள் வரைந்த சாதாரண ஒளியியல் கீற்றணியின் மீது எக்ஸ் கதிரை மிகச் சிறிய கோணத்தில், ஏறத்தாழ உரசிச் செல்லுமாறு விழச்செய்தனர். அக்கோணத்தில் எக்ஸ் கதிர் உலோகப் பரப்பில் முழுமையாக எதிரொளிப்பதால் கீற்றணி வேலை செய்தது. கோடுகளுக்கு இடையிலான தொலைவை நுண்ணோக்கியாலும் மீட்டர் அளவுகோலாலும் நேரே அளக்கலாம். படிகமும் அவகாட்ரோ எண்ணும் இக்கணக்கில் நுழைவதேயில்லை. தொடர்ந்து ஸ்வீடனில் எரிக் பெக்லினும் அமெரிக்காவில் ஜே.ஏ. பியர்டனும் இம்முறையைச் செம்மைப்படுத்தியபோது, படிகத்தின் வழியே கிடைத்த அலைநீளங்கள் எல்லாம் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறைவாக இருப்பது உறுதியாயிற்று.

கீற்றணி பொய்யா, படிகத்தில் குறையா என்னும் விவாதம் சில ஆண்டுகள் நீடித்தது. படிகத்தினுள் நுழையும் கதிர் மிகச் சிறிதளவு வளைவதால் பிராக் விதியே நுட்பமான திருத்தத்தை வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது; ஆனால் அத்திருத்தம் இவ்வளவு பெரிதன்று. குற்றம் வேறிடத்தில் இருந்தது. அவகாட்ரோ எண் அக்காலத்தில் ராபர்ட் மில்லிகனின் எண்ணெய்த்துளிச் சோதனையிலிருந்து பெறப்பட்டது: மின்னாற்பகுப்பில் ஒரு மோலுக்கு ஆகும் மின்னூட்டத்தை ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுப்பார்கள். துளி காற்றில் விழும் வேகத்தைக் கொண்டு மின்னூட்டத்தைக் கணிக்கையில் காற்றின் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்குக் காற்று காட்டும் தடை, கணக்கில் புகுகிறது. மில்லிகன் கையாண்ட பாகுநிலை மதிப்பு உண்மையைவிடச் சற்றுக் குறைவு. அதனால் எலெக்ட்ரானின் மின்னூட்டம் குறைந்தது; அவகாட்ரோ எண் 6.02-க்குப் பதிலாக 6.06 × 10²³ எனப் பெருகியது. ஓர் இணை உப்பின் கனஅளவு சுருங்கியது. கனமூலம் எடுக்கையில் பிழை மூன்றில் ஒன்றாகக் குறைந்து இடைவெளியில் வந்து தங்கியது. காற்றின் பிசுபிசுப்பில் நேர்ந்த பிழை உப்புப் படிகத்தின் தளங்களை நெருக்கமாக்கிக் காட்டியது என்பது இத்துறையின் வரலாற்றில் தனிச்சுவையுடைய நிகழ்வு. 1930களில் பாகுநிலை மீண்டும் அளக்கப்பட்டு மின்னூட்டம் திருத்தப்பட்டது. 1947இல் பழைய எக்ஸ் அலகை ஆங்ஸ்ட்ராமாக்க 1.00202 என்னும் பெருக்கெண் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2.814-ஐ அதனால் பெருக்கினால் 2.820 வருகிறது. சீக்பான் குழுவினர் அளந்த விகிதங்கள் ஒன்றேனும் வீணாகவில்லை. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கினாலே போதுமாயிருந்தது. பழைய நூல்களில் உள்ள இடைவெளிகளை எடுத்தாள்வோர், அவை எவ்வலகில் உள்ளன எனப் பார்க்காமல் இன்றைய அலைநீளத்தோடு கலந்துவிட்டால் அதே ஆயிரத்தில் இரண்டு பங்குப் பிழை மீண்டும் உயிர்பெறும்.

இடைவெளியை அலைநீளத்தின் துணையின்றியே நேராக அளக்கும் வழி 1965இல் உல்ரிஹ் பொன்ஸேயும் மைக்கேல் ஹார்ட்டும் அமைத்த எக்ஸ் கதிர்க் குறுக்கீட்டுமானியால் திறந்தது. ஒரே சிலிக்கான் படிகத்திலிருந்து வெட்டிய மூன்று தகடுகளின் வழியே கதிரைப் பிரித்துச் சேர்த்து, கடைசித் தகட்டைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினால், தகடு ஒரு தள இடைவெளி நகரும் ஒவ்வொரு முறையும் கதிர் ஒருமுறை ஒளிர்ந்து மங்கும். செலுத்தும் கதிரின் அலைநீளம் எதுவாயினும் இந்த எண்ணிக்கை மாறாது. அதே நகர்வை லேசர் ஒளியால் உடன் அளந்தால் தளங்களை மீட்டரோடு ஒப்பிட்டுவிடலாம். அமெரிக்கத் தர நிறுவனத்தில் ரிச்சர்ட் டெஸ்லாட்ஸ் குழுவினர் 1970களில் இவ்வளவீட்டைச் செய்தனர். சிலிக்கானின் (220) தள இடைவெளி இன்று 1.920156 ஆங்ஸ்ட்ராம் என்றும் அதற்கப்பாலும் அறியப்பட்டுள்ளது.

இதன்பின் பிராக் 1913இல் சென்ற வழியில் எதிர்த்திசையில் நடக்க முடிந்தது. அன்று அவகாட்ரோ எண்ணையும் அடர்த்தியையும் கொண்டு இடைவெளி கணிக்கப்பட்டது. இப்போது இடைவெளியும் அடர்த்தியும் தெரிந்திருப்பதால் அவகாட்ரோ எண்ணைக் கணிக்கலாம். ஏறத்தாழ முற்றிலும் சிலிக்கான்-28 என்னும் ஒரே ஓரிடத்தான் கொண்ட ஒரு கிலோகிராம் உருண்டைகளைச் செதுக்கி, அவற்றின் விட்டத்தை ஒளியால் அளந்து, அலகுக்கூட்டில் எட்டு அணுக்கள் என்னும் எண்ணிக்கையைக் கொண்டு உருண்டைக்குள் உள்ள அணுக்களை எண்ணினர். 2019இல் அலகுகள் மறுவரையறை செய்யப்பட்டபோது 6.02214076 × 10²³ எனப் பிழையின்றி நிலைநிறுத்தப்பட்ட அவகாட்ரோ எண்ணின் பின்னணியில் இவ்வெண்ணிக்கையும் ஒன்று. அந்த எண்ணை உப்பின் பழைய கணக்கில் இட்டு, இன்றைய அடர்த்தியாகிய 2.165-ஐயும் சேர்த்தால், இடைவெளி 2.819 ஆங்ஸ்ட்ராம் என வருகிறது. தூள் முகட்டிலிருந்து கிடைத்த 2.820-க்கும் இதற்கும் எஞ்சியுள்ள சிறு வேறுபாடு அடர்த்தியின் மூன்றாம் பதின்ம இடத்தில் ஏற்படும் சிறு மாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.